டாஸ் ஜெயித்தால் வெற்றி வாய்ப்பை எவ்வளவு ஏற்றலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாஸ் ஜெயிச்சா பாதி மேட்ச் ஜெயிச்ச மாதிரின்னு சொல்றாங்களே, உண்மையா?

பெரும்பாலான ஆட்டங்களில் உண்மையில்லை. சம பலமுள்ள இரண்டு அணிகள் ஆடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். டாஸுக்கு முன் ஆளுக்கு 50 சதவீதம். டாஸ் முடிந்ததும் சாதாரண மைதானத்தில் அது 51 அல்லது 52 ஆகலாம், அவ்வளவுதான். இரவு நேர டி20 ஆட்டம், பனி நன்றாக இறங்கும் ஊர் என்றால் 58 வரை போகலாம். 60ஐத் தாண்டி நான் எழுதுவது மிக அபூர்வம். பல வருடமாக ஆட்டத்துக்கு முன் எனக்குத் தோன்றும் எண்ணை நோட்டில் எழுதி வைத்து, பிறகு சரிபார்த்து வருகிறேன். டாஸ் விஷயத்தில் ஆரம்பத்தில் நான் செய்த தப்பெல்லாம் ஒரே பக்கத்துத் தப்புதான்: எண்ணை அதிகமாக நகர்த்தினேன்.

இந்தப் பக்கத்தில் வரும் 52, 58 போன்ற எண்கள் என் கணிப்பு. ஆட்ட விவரங்கள் பதிவில் உள்ளவை. இரண்டையும் கலந்துவிட வேண்டாம்.

ஒரு கிரவுண்டில் சேஸ் பண்ற டீம் 60 சதவீதம் ஜெயிக்குதுன்னா, டாஸ் ஜெயிச்ச டீமுக்கு 10 கூட்டணுமா, 20 கூட்டணுமா?

10. டாஸுக்கு முன்பு உங்கள் அணி சேஸ் செய்யுமா, முதலில் ஆடுமா என்று தெரியாது. பாதி வாய்ப்பு 60, பாதி வாய்ப்பு 40, சராசரி 50. நாணயம் விழுந்ததும் 50 என்பது 60 ஆகிறது, அல்லது 40 ஆகிறது. ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் நடுவே 20 இடைவெளி வருகிறது என்பது சரி. ஆனால் ஒரு அணியின் எண் நகர்வது 10தான்.

இதில் பலரும் செய்யும் இன்னொரு பிழை உண்டு. டாஸுக்கு முன்பே "இந்த கிரவுண்டில் சேஸிங் நல்லது, எங்கள் டீம் நன்றாக சேஸ் பண்ணும்" என்று எண்ணைக் கூட்டி வைத்துவிட்டு, டாஸ் ஜெயித்ததும் மறுபடி கூட்டுவார்கள். ஒரே காரணத்தை இரண்டு தடவை எண்ணிவிட்டார்கள்.

டாஸ் ஜெயிச்ச டீம் எத்தனை தடவை மேட்ச் ஜெயிச்சதுன்னு பார்த்தா போதாதா?

போதாது, சில சமயம் அது ஒன்றுமே சொல்லாது. சேஸ் செய்யும் அணி 100க்கு 60 ஜெயிக்கும் ஒரு மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேப்டன்களுக்கு அது தெரியவில்லை. 50 பேர் பவுலிங் எடுக்கிறார்கள், 50 பேர் பேட்டிங் எடுக்கிறார்கள். பவுலிங் எடுத்தவர்கள் 30 ஆட்டம் ஜெயிப்பார்கள், பேட்டிங் எடுத்தவர்கள் 20 ஜெயிப்பார்கள். மொத்தம் 50. "டாஸுக்கு இங்கே மதிப்பே இல்லை" என்று அந்த எண் சொல்லும். உண்மையில் அங்கே டாஸுக்கு நல்ல மதிப்பு இருக்கிறது, கேப்டன்கள் பாதிப்பேர் அதை வீணடித்திருக்கிறார்கள்.

அதனால் டாஸ் ஜெயித்தது யார் என்பதை விட, யார் சேஸ் செய்கிறார்கள் என்பதைப் பாருங்கள். டாஸ் முடிந்த பிறகு நமக்குத் தேவையான தகவல் அது ஒன்றே.

2021 டி20 உலகக்கோப்பையில் துபாயில் சேஸ் பண்ணவங்கதானே ஜெயிச்சுட்டே இருந்தாங்க? அங்கே 90 சதவீதம்னு வைக்கக் கூடாதா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

அந்தத் தொடரில் துபாயில் 13 ஆட்டங்கள் நடந்தன. 12 ஆட்டங்களில் இரண்டாவதாக ஆடிய அணி ஜெயித்தது. அக்டோபர் 24 அன்று இந்தியா 151 எடுக்க, பாகிஸ்தான் ஒரு விக்கெட் கூட இழக்காமல் எட்டியது. அடுத்த ஞாயிறு நியூசிலாந்துக்கு எதிராக இந்தியா 110. அதையும் 15 ஓவருக்குள் முடித்துவிட்டார்கள். இரண்டிலும் டாஸ் இந்தியாவுக்கு விழவில்லை. நவம்பர் 14 இறுதிப் போட்டியில் நியூசிலாந்து 172 எடுத்தும், ஆஸ்திரேலியா 18.5 ஓவரில் 8 விக்கெட் மீதம் வைத்து ஜெயித்தது. ஆரோன் ஃபிஞ்ச் அந்தத் தொடரில் 7 டாஸில் 6 ஜெயித்தார்.

13க்கு 12 என்பது 92 சதவீதம். நாணயம் சுண்டி இப்படி வருவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு கூட இல்லை. எனவே ஏதோ ஒன்று நிச்சயமாக இருந்தது. ஆனால் அந்த ஏதோ ஒன்றின் அளவு 92 அல்ல.

முதலில், எந்தப் பக்கம் டாஸ் விழுந்திருந்தாலும் ஒரே முடிவு வந்திருக்கும் என்று சொல்லக்கூடிய ஆட்டங்களை எடுத்துவிடுவோம். இங்கிலாந்திடம் வெஸ்ட் இண்டீஸ் 55க்கு ஆல் அவுட். ஆஸ்திரேலியாவிடம் வங்கதேசம் 73க்கு ஆல் அவுட். இந்தியா ஸ்காட்லாந்தையும் நமீபியாவையும் வென்றது. இந்த நான்கையும் பனியின் கணக்கில் எழுத முடியாது. அதே நியாயப்படி முதலில் ஆடி ஜெயித்த ஒரே ஆட்டத்தையும் எடுத்துவிட வேண்டும். அது நியூசிலாந்து ஸ்காட்லாந்தை 16 ரன்னில் வென்றது, அதுவும் வெயில் நேரத்து ஆட்டம். மீதி 8 ஆட்டம், எட்டுமே சேஸிங் பக்கம். இப்போது 100 சதவீதம் ஆகிவிட்டது, ஆனால் நம்மிடம் இருப்பது 8 ஆட்டம்தான்.

இங்கேதான் பழைய அனுபவத்தைச் சேர்க்க வேண்டும். துபாயைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆள், "இரவு நேர டி20 என்றால் சேஸிங் கொஞ்சம் நல்லது" என்ற அளவில் தொடங்குவார். அதை நான் 60 ஆட்டத்தில் 32 என்று வைத்துக்கொள்கிறேன், அதாவது 53 சதவீதம். இதன் மேல் துபாயின் எட்டைச் சேர்த்தால் 68க்கு 40. வருவது கிட்டத்தட்ட 59 சதவீதம்.

"ஏன் 60 ஆட்டம், 30 என்று வைக்கக் கூடாதா?" என்று கேட்கலாம். வைக்கலாம். 30க்கு 16 என்று தொடங்கினால், எட்டைச் சேர்த்ததும் 38க்கு 24, அதாவது 63. மைதானத்துக்கு மைதானம் வித்தியாசம் பெரிது என்று நம்புகிறவர் சிறிய எண்ணில் தொடங்குவார், சிறிது என்று நம்புகிறவர் பெரிய எண்ணில். நான் இரண்டாவது கட்சி. எப்படிப் பார்த்தாலும் 90க்குப் பக்கத்தில் போகாது.

ஆக அந்த இறுதிப் போட்டியில் இரு அணியும் சமம் என்று நினைத்திருந்தால், ஃபிஞ்ச் டாஸ் ஜெயித்து பவுலிங் என்று சொன்ன நொடியில் ஆஸ்திரேலியாவை 59இல் வைத்திருக்க வேண்டும். நியூசிலாந்துக்கு 41. நாற்பத்தொன்று என்பது செத்துப்போன வாய்ப்பு இல்லை.

அதே துபாயில் சி.எஸ்.கே. முதலில் ஆடித்தானே கப் அடிச்சது?

ஆமாம், உலகக்கோப்பை இறுதிக்குச் சரியாக 30 நாள் முன்பு, 2021 அக்டோபர் 15 அன்று. கொல்கத்தா டாஸ் ஜெயித்து பவுலிங் எடுத்தது. டூ பிளெஸ்ஸி 86 அடிக்க, சென்னை 192. கொல்கத்தா 165இல் நின்றது. அடுத்த ஆண்டு ஆசியக் கோப்பை இறுதியும் இதே மைதானம். 2022 செப்டம்பர் 11 அன்று பாகிஸ்தான் டாஸ் ஜெயித்து பவுலிங் எடுக்க, இலங்கை 170 அடித்து 23 ரன்னில் ஜெயித்தது. அன்று இலங்கை தொடக்கத்தில் 58க்கு 5 விக்கெட் இழந்திருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதை வைத்து "டாஸ் சும்மா" என்று சொல்வதும் தப்பு, "விதிவிலக்கு" என்று தள்ளுவதும் தப்பு. 41 சதவீதம் என்று எழுதினால், ஐந்து ஆட்டத்தில் இரண்டு அப்படித்தான் போக வேண்டும். போகாவிட்டால்தான் நம் எண் தவறு.

இந்தியா 2025 சாம்பியன்ஸ் டிராபியில் எல்லா டாஸும் தோத்துச்சு, எல்லா மேட்சும் ஜெயிச்சுச்சு. இதுவும் துபாய்தானே?

துபாய்தான். ஆனால் 50 ஓவர் ஆட்டம், பிப்ரவரி-மார்ச் மாதம், பனி ஒரு பிரச்சினையாகவே இல்லை, மெதுவான பிட்ச். ஐந்து டாஸ் தோற்றதில் நான்கு முறை எதிரணி பேட்டிங் எடுத்தது, ஒரு முறை நியூசிலாந்து பவுலிங் எடுத்தது. இந்தியா சேஸ் செய்தும் ஜெயித்தது, முதலில் ஆடி 249ஐக் காப்பாற்றியும் ஜெயித்தது. நான்கு சுழற்பந்து வீச்சாளர்கள் இருந்த அணிக்கு அந்த பிட்ச் எந்த வேளையிலும் பொருந்தியது.

இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. "துபாய்" என்று ஒரு எண் கிடையாது. "அக்டோபர்-நவம்பர் இரவில் துபாய் டி20" என்று ஒரு எண் இருக்கலாம், "மார்ச் மாதத் துபாய் ஒருநாள் ஆட்டம்" என்று வேறொரு எண் இருக்கலாம். மைதானத்தின் பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால், எந்த ஆட்டத்துக்கும் பொருந்தாத எண் வரும்.

ரோஹித் சர்மா அப்போது ஒருநாள் ஆட்டங்களில் தொடர்ந்து 12 டாஸ் தோற்று லாராவின் சாதனையைத் தொட்டார். அதற்கான வாய்ப்பு 4,096இல் ஒன்று. அடுத்த டாஸுக்கு அதனால் எந்த மாற்றமும் இல்லை, 50தான்.

ஒரு மைதானத்துக்குத் தனி எண் வைக்க எத்தனை மேட்ச் வேணும்?

53 சதவீத மைதானத்தையும் 58 சதவீத மைதானத்தையும் பிரித்தறிய வேண்டும் என்று வையுங்கள். 100 ஆட்டம் பார்த்தாலும், வெறும் அதிர்ஷ்டத்தால் மட்டும் 5 சதவீதம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஆடுவது சாதாரணம். ஓரளவு நம்பிக்கை வர 400 ஆட்டம் தேவை. ஐ.பி.எல். அணி ஒன்றுக்குச் சொந்த மண்ணில் வருடத்துக்கு 7 லீக் ஆட்டம். 400 ஆட்டம் சேர 50 வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பிட்ச் மண்ணை எத்தனை முறை மாற்றியிருப்பார்கள், பவுண்டரியை எத்தனை முறை இழுத்திருப்பார்கள்!

அதனால்தான் டிவியில் காட்டும் "இந்த மைதானத்தில் கடைசி 10 ஆட்டத்தில் 7 சேஸிங் வெற்றி" என்ற வரியை நான் கிட்டத்தட்ட கண்டுகொள்வதில்லை. எண்ணிக்கையை வைத்து மைதானத்தை அறிய முடியாது, காரணத்தை வைத்துத்தான் அறிய முடியும். பனி வருமா? பிட்ச் நேரம் ஆக ஆக மெதுவாகுமா? வெளிச்சம் மாறும்போது பந்து ஆடுமா? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் எண்ணை நகர்த்துங்கள், இல்லையென்றால் பொது எண்ணிலேயே நில்லுங்கள்.

பலமான டீம் டாஸ் ஜெயிச்சாலும் இதே 8, 9 சதவீதம்தானா?

இல்லை. சதவீதத்தைக் கூட்டக் கூடாது, விகிதத்தைப் பெருக்க வேண்டும். கணக்கு சுலபம்தான்.

மைதானத்தில் சேஸிங் வாய்ப்பு 58 என்றால் விகிதம் 58க்கு 42, வகுத்தால் 1.38. அணியின் பலம் மட்டும் பார்த்தால் 60 சதவீதம் என்றால் 60க்கு 40, அதாவது 1.5. இந்த அணி சேஸ் செய்தால் 1.5 பெருக்கல் 1.38, கிட்டத்தட்ட 2.07. இதைத் திரும்பச் சதவீதமாக்க, 2.07ஐ 3.07ஆல் வகுங்கள்: 67. முதலில் ஆட வேண்டி வந்தால் 1.5ஐ 1.38ஆல் வகுத்தால் 1.09, அதாவது 52.

இப்போது 85 சதவீத அணியைப் போடுங்கள். விகிதம் 5.67. சேஸ் செய்தால் 89க்குப் பக்கம், முதலில் ஆடினால் 80. ஏறுவது 4 தான், இறங்குவது 5. பலத்தில் பெரிய இடைவெளி இருக்கும்போது டாஸ் பெரிதாக எதையும் மாற்றாது என்பது நம் கண்ணுக்கே தெரிந்ததுதான், கணக்கும் அதையே சொல்கிறது. வெறுமனே 8ஐக் கூட்டிக்கொண்டே போனால் 95 சதவீத அணி 103 ஆகிவிடும்!

பனி வருமான்னு முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சுக்கறது?

வானிலைப் பக்கத்தில் வெப்பநிலையோடு "பனிநிலை" என்று இன்னொரு எண் இருக்கும். எந்த வெப்பநிலையில் காற்றிலுள்ள ஈரம் நீராக மாறத் தொடங்குமோ, அந்த எண் அது. இரவு ஒன்பது மணி வாக்கில் இரண்டுக்கும் இடையே சில டிகிரிதான் வித்தியாசம் என்றால் கவனமாக இருங்கள். புல்லின் மேற்பரப்பு காற்றை விடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதனால் புல் மட்டும் நனையும். வானம் தெளிவாக இருக்க வேண்டும், காற்றும் அடங்கியிருக்க வேண்டும். மேகம் மூடியிருந்தாலோ, கடற்காற்று வீசினாலோ, ஈரம் எவ்வளவு இருந்தாலும் பனி பிடிக்காது. இதை விட்டுவிட்டு ஈரப்பதத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்.

ஆட்டம் தொடங்கிய பிறகு இன்னும் தெளிவாகத் தெரியும். பீல்டர்கள் பந்தை உருட்டி அனுப்பாமல் கையால் எறிகிறார்களா, ஒவ்வொரு பந்துக்கும் துண்டு வெளியே வருகிறதா, அம்பயரிடம் பந்தைக் காட்டுகிறார்களா, யார்க்கர் போட வேண்டியவர் புல் டாஸ் போடுகிறாரா என்று பாருங்கள். ஈரமான பந்தைச் சுழற்பந்து வீச்சாளரால் இறுக்கிப் பிடிக்க முடியாது. பந்து பிட்சில் பட்டு நிற்காமல் வழுக்கிக்கொண்டு மட்டைக்கு வரும். முதல் இன்னிங்ஸில் நின்று வந்த பிட்ச் இரண்டாவதில் சாலை மாதிரி ஆகிவிடும்.

கணிக்கும்போது பனி வரும் வாய்ப்பையும் சேர்க்க வேண்டும். வந்தால் 62, வராவிட்டால் 51, வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால் 56 அல்லது 57 என்று எழுதுங்கள். "பனி வரும்" என்று முடிவுகட்டி 62 எழுதாதீர்கள்.

இம்பாக்ட் பிளேயர், இரண்டாவது பந்து விதியெல்லாம் வந்த பிறகும் ஐ.பி.எல்.லில் டாஸுக்கு அதே மதிப்பா?

குறைந்திருக்க வேண்டும். 2023 முதல் டாஸ் முடிந்த பிறகு பதினோரு பேர் பட்டியலைக் கொடுக்கலாம். கேப்டன்கள் இரண்டு பட்டியலோடு வருகிறார்கள். முதலில் ஆட வேண்டி வந்தால் ஒரு பேட்ஸ்மேனைக் கூடுதலாக வைத்து, பிறகு அவரை எடுத்துவிட்டு பவுலரை இறக்கலாம். 2025 முதல் இரவு ஆட்டங்களில் இரண்டாவது இன்னிங்ஸின் 10 ஓவர் முடிந்ததும் ஈரமான பந்தை மாற்றக் கேட்கலாம். இரண்டுமே டாஸ் தோற்றவருக்கு உதவுபவை. 2022 வரையிலான எண்களை அப்படியே இன்றைக்குக் கொண்டுவரக் கூடாது. நான் பழைய நகர்வில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்கிறேன்.

டெஸ்டில் டாஸ்தானே எல்லாம்? 2021இல் சேப்பாக்கத்தில் ரெண்டு டெஸ்டும் டாஸ் ஜெயிச்சவங்கதானே ஜெயிச்சாங்க?

அந்த இந்தியா-இங்கிலாந்து தொடரை முழுக்கப் பார்த்தால் கதை வேறு மாதிரி தெரியும்.

முதல் டெஸ்டில் இங்கிலாந்து டாஸ் ஜெயித்து 578 அடித்தது, ஜோ ரூட் 218. இந்தியா 337, கடைசியில் 227 ரன்னில் தோல்வி. அடுத்த டெஸ்ட் அதே மைதானத்தில், வேறு பிட்சில். இந்தியா டாஸ் ஜெயித்து 329, ரோஹித் 161. இங்கிலாந்து 134க்குச் சுருண்டது, 317 ரன்னில் இந்தியா வெற்றி. இரண்டு டெஸ்ட், இரண்டு டாஸ், இரண்டு பெரிய வெற்றி. "நாணயம்தான் தீர்மானித்தது" என்று அப்போது ஊரே பேசியது.

அப்புறம் அகமதாபாத். இரண்டு டெஸ்டிலும் இங்கிலாந்துதான் டாஸ் ஜெயித்தது, இரண்டிலும் பேட்டிங் எடுத்தது. 112க்கு ஆல் அவுட், இரண்டே நாளில் தோல்வி. அடுத்ததில் 205, இன்னிங்ஸ் தோல்வி. நான்கு டெஸ்டில் மூன்று டாஸ் ஜெயித்த அணி 3-1 என்று தொடரை இழந்தது.

டெஸ்டில் முதலில் ஆடுவதன் லாபம் எங்கே இருக்கிறதென்றால், முதல் இரண்டு நாள் பிட்ச் நன்றாக இருந்து, நான்காம் நாள் உடையும்போது. முதல் சேப்பாக்கம் டெஸ்ட் அப்படிப்பட்டது. இங்கிலாந்து இரண்டு நாள் முழுக்க ஆடி மூன்றாம் நாளும் கொஞ்சம் ஆடியது. இந்தியாவுக்கு 420 இலக்கு வந்தபோது பிட்ச் உடைந்திருந்தது. அந்த ஆட்டத்தில் டாஸுக்கு உண்மையான விலை இருந்தது.

இரண்டாவது டெஸ்டில் பந்து முதல் நாளே திரும்பியது. இரு அணிகளுக்கும் மோசமான பிட்ச் என்றால் நல்ல பிட்சை யாரும் தனியாக அனுபவிக்கவில்லை, டாஸின் மதிப்பு குறைகிறது. அதற்கு ஆதாரம் அந்த ஆட்டத்திலேயே இருக்கிறது. மூன்றாம் நாள், இன்னும் தேய்ந்த அதே பிட்சில், அஸ்வின் 106 அடித்தார். இங்கிலாந்து இரண்டு இன்னிங்ஸிலும் 200ஐத் தொடவில்லை. 317 ரன் இடைவெளியில் பெரும்பகுதி சுழற்பந்தை வீசுவதிலும் ஆடுவதிலும் இருந்த திறமை வித்தியாசம்தான். அதை டாஸின் கணக்கில் எழுதினால் அடுத்த ஆட்டத்தில் மாட்டிக்கொள்வோம். அகமதாபாத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பலர்.

சரி, டெஸ்டில் எண்ணை எவ்வளவு நகர்த்துவீங்க? டிரா வேற இருக்கே?

மூன்று எண் வேண்டும். உதாரணமாக டாஸுக்கு முன் இந்தியா 60, டிரா 15, எதிரணி 25 என்று வைப்போம். மெல்ல உடையும் இந்தியப் பிட்சில் இந்தியா டாஸ் ஜெயித்தால் 65, 15, 20. தோற்றால் 55, 15, 30. டிராவை டாஸ் அதிகம் தொடாது, அதை மழையும் பிட்சும் முடிவு செய்யும். முதல் நாளே தூசி பறக்கும் பிட்ச் என்றால் இந்த 5ஐ 2 ஆக்கிவிடுவேன். இங்கிலாந்தில் மேகமூட்டமான காலை என்றாலும் 2தான், ஏனென்றால் மேகம் மதியம் விலகுமா என்று யாருக்கும் தெரியாது.

இங்கிலாந்து கவுன்டி சாம்பியன்ஷிப்பில் 2016 முதல் 2019 வரை, வெளியூர் அணி விரும்பினால் டாஸ் போடாமலே பவுலிங் எடுக்கலாம் என்று விதி இருந்தது. சொந்த மண் அணிகள் பிட்சைத் தங்களுக்குச் சாதகமாகத் தயாரித்து டாஸை நம்பியிருப்பதைத் தடுக்கவே அது வந்தது. 2020இல் பழைய டாஸுக்கே திரும்பிவிட்டார்கள். சர்வதேச டெஸ்டில் டாஸை எடுத்துவிடலாமா என்று 2018இல் ஐ.சி.சி. கிரிக்கெட் கமிட்டியும் பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தது.

ஒருநாள் ஆட்டத்தில்?

மிகக் குறைவு. 1997இலேயே டி சில்வா, ஸ்வார்ட்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் ஒருநாள் ஆட்டங்களை ஆராய்ந்து, டாஸால் சொல்லிக்கொள்ளும்படி லாபம் இல்லை என்று எழுதினார்கள். 100 ஓவரில் பிட்சும் வெளிச்சமும் ஒரு பக்கம் சாய்ந்தால், ஆட்டம் திரும்பி நிமிர நேரம் இருக்கிறது. பகல் ஆட்டத்துக்கு நான் எண்ணைத் தொடுவதே இல்லை. பகலிரவு ஆட்டத்தில் பனிக்கான காரணம் தெளிவாக இருந்தால் 3 அல்லது 4.

2023 உலகக்கோப்பை இறுதியில் அகமதாபாத்தில் கம்மின்ஸ் டாஸ் ஜெயித்து பவுலிங் எடுத்தது அப்படி ஒரு நாள். பகலில் காய்ந்த பிட்சில் பந்து நின்று வந்தது, இந்தியா 240. இரவில் மட்டைக்கு நன்றாக வந்தது, டிராவிஸ் ஹெட் 137. ஆனால் அன்றும் ஆஸ்திரேலியா 47க்கு 3 என்று இருந்தது. அன்றைக்கு டாஸுக்கு 4 கொடுக்கலாம், 15 கொடுக்க முடியாது.

கேப்டன் என்ன எடுக்கிறார்னு பார்த்தா பிட்சைப் பத்தித் தெரிஞ்சுக்கலாமா?

கொஞ்சம். அவர் பிட்சைத் தொட்டுப் பார்த்தவர், நாம் டிவியில் பார்ப்பவர்கள். டி20யில் எல்லோரும் பவுலிங் எடுக்கும் மைதானத்தில் ஒருவர் துணிந்து பேட்டிங் எடுத்தால், பிட்ச் தேயும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. என் சேஸிங் எண்ணை ஒன்றிரண்டு குறைப்பேன். ஆனால் கேப்டன்களும் தவறுவார்கள். 2002 பிரிஸ்பேனில் நாசர் ஹுசைன் டாஸ் ஜெயித்து பவுலிங் எடுத்தார், முதல் நாள் முடிவில் ஆஸ்திரேலியா 364க்கு 2. 2005 எட்ஜ்பாஸ்டனில் பாண்டிங் பவுலிங் எடுத்தார், இங்கிலாந்து முதல் நாளே 407.

டாஸ் முடிஞ்சதும் பந்தயச் சந்தையில் விலை மாறுதே, அதை வச்சு சம்பாதிக்கலாமா?

வேண்டாம். டாஸ் என்பது எல்லோருக்கும் ஒரே நொடியில் தெரியும் தகவல். உங்களுக்கு மட்டும் தெரிந்தது அதில் எதுவும் இல்லை, விலை உடனே நகர்ந்துவிடும். மேலும் இந்தியாவில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. நான் இந்தக் கணக்கைப் போடுவது ஆட்டத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள மட்டுமே.

என் எண் சரியா தப்பான்னு எப்படிச் சோதிக்கறது?

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு எண் எழுதுங்கள்: டாஸுக்கு முன் ஒன்று, டாஸுக்குப் பின் ஒன்று. பக்கத்தில் யார் சேஸ் செய்தார்கள், பனி வந்ததா என்று ஒரு வார்த்தை. ஆட்டம் முடிந்ததும், ஜெயித்த அணிக்கு நீங்கள் கொடுத்திருந்த சதவீதத்தை 100இலிருந்து கழித்து, வந்ததை வர்க்கம் செய்யுங்கள். 60 கொடுத்த அணி ஜெயித்தால் 40இன் வர்க்கம், 1,600. தோற்றால், ஜெயித்த அணிக்கு நீங்கள் கொடுத்தது 40தான், எனவே 60இன் வர்க்கம், 3,600. இரண்டு வரிசைக்கும் தனித்தனியாகக் கூட்டி வாருங்கள்.

ஒரு ஐ.பி.எல். முழுக்க எழுதிய பிறகு இரண்டாவது வரிசையின் கூட்டல் முதலாவதை விடக் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தால் டாஸுக்கு நீங்கள் கொடுத்த நகர்வு பெரும்பாலும் அதிகம். அதைப் பாதியாக்கி, அதே ஆட்டங்களுக்கு மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள். என் நோட்டில் முதல் இரண்டு சீசனும் கூடியேதான் இருந்தது. நகர்வைப் பாதியாக்கிய பிறகுதான் இரண்டாவது வரிசை கீழே வந்தது.